கேஜ் 160 காட்டுது, பேல் மட்டும் லூசா வருது: ரீஜென் சர்க்யூட்டில் பிழை தேடும் வழி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிப் பாலக்காட்டு மண்ணுக்குள் போனால் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் தென்னந்தோப்பும் நார் மில்லும்தான். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு ஒன்று, மெஷினும் ஒன்று. மட்டையை அடித்து, நாரைக் களத்தில் காய வைத்து, பெட்டிக்குள் போட்டு, ஹைட்ராலிக் சிலிண்டரால் அழுத்திப் பேல் கட்டுவார்கள். அந்தப் பேல் பிரஸ்களைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை.

நார் பேல் போடும் சிலிண்டருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. உதிரி நார் பஞ்சு மாதிரி இருப்பதால் முக்கால்வாசி தூரம் எதிர்ப்பே இருக்காது. கடைசிக் கால்வாசியில்தான் நார் திமிறும். பலம் தேவைப்படுவது அங்கே மட்டும்தான். அதனால் "முன்னால் போகிறது ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று கேட்பவர்களுக்குப் பம்பையும் மோட்டாரையும் மாற்றாமல் ரீஜெனரேஷன் சர்க்யூட் போட்டுக் கொடுப்பது வழக்கம். நாங்கள் சுருக்கமாக ரீஜென் என்போம். போட்ட பிறகு வரும் புகார்கள் நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். அந்தப் புகார் ஒவ்வொன்றையும் எப்படிப் பிரித்து அறிவது என்று எழுதுகிறேன்.

முதலில் மெஷினையும் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் நான் பார்த்த பிரஸ்ஸையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். படுக்கைவாக்கில் இருக்கும் சிலிண்டர். உள்விட்டம் 125 மி.மீ., ராடு 90 மி.மீ., ஓட்டம் 1,200 மி.மீ. பம்ப் நிமிடத்துக்கு 40 லிட்டர் தரும். ரிலீஃப் வால்வு 160 பாரில் இருந்தது, மோட்டார் 20 ஹெச்.பி.

பிஸ்டனின் பின்பக்கப் பரப்பு 122.7 ச.செ.மீ. ராடின் குறுக்குப் பரப்பு 63.6. மீதி வளையம், அதாவது ராடு பக்கத்தில் எண்ணெய் தொடும் பரப்பு, 59.1. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பேனலுக்குள் ஒட்டி வையுங்கள். எல்லாப் புகாருக்கும் பதில் இவற்றில்தான் இருக்கிறது.

சாதாரண சர்க்யூட்டில் பம்ப் எண்ணெய் பின்பக்கம் போகும், ராடு பக்கத்து எண்ணெய் டேங்குக்குத் திரும்பும். வேகம் விநாடிக்கு 54 மி.மீ. முழு ஓட்டத்துக்கு 22 விநாடி. ரீஜெனில் ராடு பக்கத்திலிருந்து வெளியேறும் எண்ணெயை டேங்குக்கு விடாமல் பம்ப் எண்ணெயோடு சேர்த்துப் பின்பக்கத்துக்கே அனுப்புகிறோம். அப்போது பம்ப் நிரப்ப வேண்டியது ராடு வெளியே வருவதால் உண்டாகும் இடத்தை மட்டும்தான். ஆகவே:

```
வேகம் = பம்ப் ஓட்டம் / ராடு பரப்பு
தள்ளுபலம் = அழுத்தம் x ராடு பரப்பு
```

வேகம் விநாடிக்கு 105 மி.மீ. ஆகிறது, முழு ஓட்டம் 11.5 விநாடியில் முடிகிறது. ஆனால் 160 பாரில் 20 டன் தள்ளிய சிலிண்டர் இப்போது 10.4 டன்தான் தள்ளும். காரணம் எளிது. பிஸ்டனின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் நிற்கிறது. வளையப் பரப்பு முன்னாலிருந்து பின்னால் தள்ளுகிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது ராடு பரப்பு மட்டும்தான்.

அதனால் ரீஜென் மட்டும் போட்டால் வேலை முடிவதில்லை. எதிர்ப்பு ஏறும்போது ராடு பக்கத்தை டேங்குக்குத் திறந்துவிட ஒரு வழி வேண்டும். நான் கூடுதலாகப் போடுவது இரண்டு உறுப்புகள். ஒன்று, ராடு பக்கத்திலிருந்து பம்ப் லைனுக்குப் போகும் செக் வால்வு. இரண்டு, ராடு பக்கத்துக்கும் மெயின் டைரக்‌ஷன் வால்வுக்கும் நடுவில் ஒரு சொலினாய்டு பாப்பெட் வால்வு. இதை டம்ப் வால்வு என்று சொல்லிக்கொள்வோம். கரன்ட் இல்லாதபோது ராடு பக்கத்து எண்ணெயை வெளியே விடாது, ஆனால் திரும்பி வரும்போது எண்ணெயை உள்ளே விடும். பின்பக்க லைனில் ஒரு பிரஷர் சுவிட்ச். குறித்த அழுத்தம் வந்ததும் அது டம்ப் வால்வுக்குக் கரன்ட் கொடுக்கும், ராடு பக்கம் டேங்குக்குத் திறக்கும், முழு 20 டன் வந்துவிடும்.

சிலர் செக் வால்வைப் பம்ப் லைனில் சேர்க்காமல் நேராகப் பின்பக்க ஹோஸில் சேர்த்துவிடுகிறார்கள். முன்னால் போகும்போது நன்றாகத்தான் ஓடும். பின்னால் இழுக்கும்போது பின்பக்க ஹோஸ் டேங்கோடு சேர்ந்திருக்கும், எனவே பம்ப் எண்ணெய் செக் வால்வு வழியாகவே டேங்குக்கு ஓடிவிடும், சிலிண்டர் திரும்பாது. புதிதாகப் போட்ட சர்க்யூட்டில் திரும்பவே இல்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். டம்ப் வால்வைத் தலைகீழாக மாட்டினாலும் திரும்பாது. ஆனால் அப்போது முன்னால் போவதும் பழைய மெதுவான வேகத்தில்தான் இருக்கும்.

ராடு பக்கம் ஒரு கேஜ் மாட்டாமல் தொடங்காதீர்கள்

அனேகமாக எல்லா பிரஸ்ஸிலும் பம்ப் பக்கத்தில் ஒரே ஒரு கேஜ் இருக்கும். ரீஜென் மெஷினில் அது மட்டும் போதாது. சிலிண்டரின் பின்பக்க வாயில் ஒன்று, ராடு பக்க வாயில் ஒன்று என இரண்டு கேஜ் வேண்டும். உண்மையான தள்ளுபலம் இதுதான்: பின்பக்க அழுத்தத்தை 122.7 ஆல் பெருக்குங்கள், ராடு பக்க அழுத்தத்தை 59.1 ஆல் பெருக்கிக் கழியுங்கள், 1.02 ஆல் பெருக்கினால் கிலோவில் வரும்.

ராடு பக்கத்துக்கு 400 பார் கேஜாக வாங்குங்கள். 160 பார் மெஷினுக்கு 250 போதுமே என்று தோன்றும். போதாது. செக் வால்வு திருப்பி மாட்டப்பட்டிருந்தாலோ அடைத்திருந்தாலோ ராடு பக்கத்து எண்ணெய்க்குப் போக வழியே இருக்காது. பின்பக்கம் 160 பார் பெரிய பரப்பில் தள்ளும், முன்னால் அடைபட்ட எண்ணெய் சிறிய பரப்பில் தாங்க வேண்டும். ராடு பக்கம் 332 பார் வரை ஏறும். அரை இஞ்ச் இரட்டைக் கம்பி ஹோஸே 275 பாருக்குத்தான். ஒற்றைக் கம்பி ஹோஸ் 160 பாருக்கு. பம்ப் பக்கத்து ரிலீஃப் வால்வுக்கு இந்த அழுத்தம் தெரியவே தெரியாது.

பட்டனை அழுத்தியும் சிலிண்டர் அசையவில்லை, பம்ப் கேஜ் 160 இல் நிற்கிறது, ராடு கேஜ் அதைவிட இரண்டு மடங்கு காட்டுகிறது என்றால் உடனே கையை எடுத்துவிடுங்கள். மறுபடி ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, டம்ப் வால்வின் மேனுவல் பின்னை அழுத்தி, ராடு கேஜ் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகே ஸ்பானரைத் தொடுங்கள். நான் போடும் எல்லா ரீஜெனிலும் ராடு லைனில் 210 பாருக்கு ஒரு சின்ன ரிலீஃப் வால்வு வைத்துவிடுவேன். அது இல்லாத மெஷினில் வேலை செய்யும்போது ராடு ஹோஸுக்கு நேராக நிற்க மாட்டேன்.

புகார்: வேகம் நன்றாக இருக்கிறது, பேல் லூசாக வருகிறது

இதுதான் அதிகம் வருவது. கொழிஞ்சாம்பாறை மில்லிலும் இதே புகார்தான். வேறொருவர் ரீஜென் போட்டுக் கொடுத்துப் போய்விட்டார். முதல் நாள் வேகத்தைப் பார்த்து மில்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மூன்றாம் நாள் லாரியில் ஏற்றும்போதுதான் தெரிந்திருக்கிறது, பேல் வழக்கத்தைவிட உயரமாக இருக்கிறது. ஒரு லோடுக்கு ஏற வேண்டிய எடை ஏறவில்லை. கன்டெய்னருக்குப் போகும் நாருக்கு இது நேரடி நஷ்டம்.

"ஏனுங்க, கேஜ் 160 காட்டுதுங்களே, அப்புறம் எப்படிங்க பவர் பத்தலைன்னு சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ரிலீஃப் வால்வைத் திருகி 180 ஆக்கிவிடலாமா என்றும் கேட்டார்.

ராடு வாயில் கேஜை மாட்டி ஒரு பேல் போடச் சொன்னேன். சிலிண்டர் வேகமாகப் போனது, நாரில் முட்டியது, பெட்டியின் கடைசிக் கோட்டுக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றது. பின்பக்கக் கேஜ் 160. ராடு கேஜும் 160. இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்பதை அவரையே பார்க்கச் சொன்னேன். 160 ஐ 122.7 ஆல் பெருக்கி, 160 ஐ 59.1 ஆல் பெருக்கிக் கழித்தால் 10.4 டன். மெஷின் ரீஜெனிலேயே நின்றுவிட்டது. டம்ப் வால்வு திறக்கவில்லை. ரிலீஃபை 180 ஆக்கினால் ஒரு டன்னுக்கு மேல் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் மோட்டாரும் ஹோஸும் கூடுதல் சுமை தாங்க வேண்டியிருக்கும், போன பத்து டன் திரும்ப வராது.

சிலிண்டர் நாரில் முட்டி நிற்கும்போதே டம்ப் வால்வின் மேனுவல் பின்னை ஒரு குச்சியால் அழுத்தினேன். ராடு கேஜ் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. சிலிண்டர் மெதுவாக நகர்ந்து கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. ஆக வால்வில் குறையில்லை, பிஸ்டன் சீலிலும் குறையில்லை. குறை கரன்ட் வரும் வழியில்.

அடுத்து காயிலைப் பார்க்க வேண்டும். டெஸ்டர் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காயிலின் நட்டு முனையில் ஸ்க்ரூடிரைவர் நுனியைக் காட்டுங்கள். கரன்ட் வந்தால் இழுத்துப் பிடிக்கும். இங்கே இழுக்கவில்லை. பிரஷர் சுவிட்சைத் திறந்து பார்த்தேன். 170 பாரில் வைத்திருந்தார்கள். ரிலீஃப் வால்வு 160 இல் திறந்துவிடும் மெஷினில் 170 பார் ஒரு நாளும் வராது. சுவிட்ச் ஒரு தடவைகூட வேலை செய்திருக்காது.

சுவிட்சை எதில் வைப்பது? ரிலீஃபுக்கு மிக அருகில் வைக்காதீர்கள். ரிலீஃப் வால்வு குறித்த அழுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பே கசியத் தொடங்கும், 150 இல் வைத்த சுவிட்ச் ஒரு நாள் விழும், ஒரு நாள் விழாது. மிகக் குறைவாக வைத்தால் நாரில் கொஞ்சம் அடர்த்தி வந்ததுமே மெதுவான வேகத்துக்கு மாறி, ரீஜென் போட்டதன் பலன் போய்விடும். இந்த மெஷினுக்கு 100 பார் வைத்தேன். ரீஜெனில் 100 பார் என்றால் ஆறரை டன். அதுவரை வேகம், அதற்கு மேல் பலம்.

இதே புகார் சாயங்காலத்தில் மட்டும் வருகிறது என்றால் வோல்டேஜைப் பாருங்கள். அடிக்கும் மெஷின் எல்லாம் ஓடும்போது 230 வோல்ட் காயிலுக்கு 190 தான் வருகிறது என்றால் அது முழுதாக இழுக்காது, உறுமிக்கொண்டே சூடாகும். பொதுவாகக் காயில்கள் பத்து சதவீதம் வரை குறைந்தால் தாங்கும், அதாவது 207 வரை. அப்படிப்பட்ட இடத்தில் 24 வோல்ட் காயிலுக்கு மாற்றி நல்ல பவர் சப்ளை ஒன்றை வைத்துவிடுவதே நல்லது.

புகார்: அழுத்தத் தொடங்கும் இடத்தில் 'டக் டக்' என்று அடிக்கிறது

சுவிட்சை 100 இல் வைத்ததும் அந்த மில்லில் அடுத்த புகார் உடனே வந்துவிட்டது. நாரில் முட்டியதும் டம்ப் வால்வு டக், டக், டக் என்று அடித்தது. ஹோஸ்கள் துள்ளின. சிலிண்டர் விட்டுவிட்டு நகர்ந்தது. ஆபரேட்டர் தம்பி பயந்து நிறுத்திவிட்டான்.

இது வால்வின் குறை அல்ல. 100 பாரில் டம்ப் வால்வு திறக்கிறது. அந்தக் கணத்தில் நாரின் எதிர்ப்பு மாறவில்லை, அதே ஆறரை டன்தான். ஆனால் இப்போது அதைத் தள்ளுவது 63.6 அல்ல, முழு 122.7. அதே பலத்துக்கு 52 பார் போதும். எனவே கேஜ் 100 இலிருந்து 52 க்கு விழுகிறது. சுவிட்ச் "அழுத்தம் போய்விட்டது" என்று கரன்ட்டை நிறுத்துகிறது. வால்வு மூடுகிறது, மெஷின் ரீஜெனுக்குத் திரும்புகிறது, அழுத்தம் மறுபடி 100 ஆகிறது, மறுபடி திறக்கிறது. விநாடிக்குப் பல தடவை இது நடக்கும். பின்பக்கக் கேஜின் முள் 50 க்கும் 100 க்கும் நடுவே துடிப்பதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

சுவிட்சின் எண்ணை ஏற்றி இறக்கி இதைச் சரி செய்ய முடியாது. 80 இல் வைத்தால் 41 க்கு விழும், 120 இல் வைத்தால் 62 க்கு விழும். எங்கே வைத்தாலும் கிட்டத்தட்டப் பாதியாகத்தான் விழும். அதைத் தீர்மானிப்பது ராடும் பிஸ்டனும். செய்ய வேண்டியது, சுவிட்ச் ஒரு தடவை விழுந்ததும் ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும்படி வயரிங் கொடுப்பது. பின்னால் இழுக்கும் பட்டனை அழுத்தும்போதுதான் அந்தப் பிடி விட வேண்டும். ஒரு ரிலே, அதில் ஒரு உபரி காண்டாக்ட், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. பி.எல்.சி. இருந்தால் நிரலில் ஒரே வரி.

புகார்: ரீஜென் போட்டும் வேகம் வரவில்லை, காலையில் இன்னும் மோசம்

11.5 விநாடி வர வேண்டியது 15, 16 ஆகிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் குழாய்தான். ரீஜெனில் பம்பின் 40 லிட்டரோடு ராடு பக்கத்து 37 லிட்டரும் சேர்ந்து, மெயின் வால்வு வழியாகவும் பின்பக்க ஹோஸ் வழியாகவும் 77 லிட்டர் போக வேண்டும். அரை இஞ்ச் ஹோஸில் அது விநாடிக்குப் பத்து மீட்டர் வேகம். முக்கால் இஞ்சில் நாலரை மீட்டர். அழுத்த லைனுக்கு நாலரை சரி, பத்து மிக அதிகம். 40 லிட்டருக்கென்று போட்டிருந்த 6 சைஸ் மெயின் வால்வும் இங்கே திணறும். 10 சைஸ் வேண்டும்.

இந்த உரசல் சாதாரண சர்க்யூட்டைவிட ரீஜெனில் ஏன் அதிகமாகக் கடிக்கிறது என்பதைக் கேஜிலேயே காணலாம். பெட்டியில் நார் இல்லாமல் வெறுமனே ஓட விடுங்கள். ராடு வாயிலிருந்து சுற்றிப் பின்வாய்க்கு வருவதற்குள் 40 பார் உரசலில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பின்பக்கம் 37, ராடு பக்கம் 77 காட்டும். எதையுமே தள்ளாமல் அவ்வளவு. இரண்டு கேஜுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சுற்றின் உரசல். நல்ல சர்க்யூட்டில் இது 10, 15 பாருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு 10 பாரும் ரீஜெனில் கிடைக்கும் தள்ளுபலத்தில் 600 கிலோவைத் தின்றுவிடும்.

காலையில் முதல் சில பேல் மட்டும் மெதுவாக ஓடி, எண்ணெய் சூடான பிறகு சரியாகிறது என்றால் பிரஷர் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பம்ப் பிளாக்கில் மாட்டியிருந்தால், மார்கழிக் காலையில் கெட்டியாக இருக்கும் 68 நம்பர் எண்ணெயின் உரசலையும் சேர்த்துத்தான் அது அளக்கும். நார் இல்லாமலே 100 தொட்டுவிடும், டம்ப் வால்வு தொடக்கத்திலேயே திறந்துவிடும், பிடிப்பு ரிலேயும் விடாது. ஓட்டம் முழுவதும் பழைய 22 விநாடி. வெறும் ஓட்டத்திலேயே காயில் ஸ்க்ரூடிரைவரை இழுத்தால் இதுதான். சுவிட்சை சிலிண்டரின் பின்வாய்க்கே மாற்றிவிடுங்கள், ஹோஸைப் பெரிதாக்குங்கள்.

இரண்டு கேஜுக்கும் வித்தியாசம் குறைவாகத்தான் இருக்கிறது, காயிலும் இழுக்கவில்லை, ஆனாலும் வேகமில்லை என்றால் சர்க்யூட்டை விட்டுவிட்டுப் பம்பைப் பாருங்கள். தேய்ந்த பம்ப் ரீஜென் இல்லாமலும் மெதுவாகத்தான் ஓடியிருக்கும்.

புகார்: டம்ப் வால்வு திறந்த பிறகு அழுத்தம் ஏறவில்லை, எண்ணெய் கொதிக்கிறது

வேகமாகப் போகிறது, மாற்றமும் ஒழுங்காக நடக்கிறது, ஆனால் அதற்கப்புறம் பின்பக்கக் கேஜ் 70, 80 க்கு மேல் ஏறுவதில்லை. இரண்டு காரணங்கள் இதே மாதிரி காட்டும். செக் வால்வு மூடாமல் இருக்கலாம், அப்போது பம்ப் எண்ணெய் அதன் வழியாக ராடு லைனுக்குப் போய், திறந்த டம்ப் வால்வு வழியாக டேங்குக்கு ஓடும். அல்லது பிஸ்டன் சீல் போயிருக்கலாம், அப்போது சிலிண்டருக்குள்ளேயே அதே மாதிரி ஓடும்.

சீல் போனால் ரீஜெனிலும் தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். தெரியாது. ரீஜெனில் பிஸ்டனின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், கசிவதற்கான உந்துதலே குறைவு. கிழிந்த சீலோடும் வேகமாகப் போகும். ராடு பக்கம் திறந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். அதனால்தான் "ரீஜென் போட்ட பிறகு சிலிண்டர் போய்விட்டது" என்று சொல்கிறார்கள். பல இடங்களில் சீல் முன்பே போய்க்கொண்டுதான் இருந்திருக்கும்.

முதலில் புறங்கையை வைத்துப் பாருங்கள். அழுத்தி நிற்கும் நிலையில் இரண்டு நிமிடம் விட்டு, மோட்டாரை நிறுத்திய பிறகு தொடுங்கள். செக் வால்வின் உடலும் அதன் பைப்பும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் கசிவு அங்கே. சிலிண்டர் குழாயில் பிஸ்டன் நிற்கும் இடம் மட்டும் ஒரு வளையமாகச் சூடாக இருந்தால் சீல். பெரும்பாலும் கை சொல்வது சரியாகவே இருக்கும்.

உறுதி செய்ய வேண்டுமென்றால் செக் வால்வு லைனைக் கழற்றி இரண்டு முனையையும் பிளக் போட்டு அடைத்து, அழுத்திப் பார்க்க வேண்டும். இப்படிச் செய்யும்போது டம்ப் வால்வு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், அதற்கு நேரடிக் கரன்ட் கொடுத்துவிட்டுத்தான் பிளக்கையே தொட வேண்டும். மறந்தால் மேலே சொன்ன 332 பார்தான். அடைத்த பிறகு 160 வரை ஏறினால் செக் வால்வு குற்றவாளி. ஏறவில்லை என்றால் சீல்.

செக் வால்வைப் பிரித்தால் பெரும்பாலும் இருக்கையில் ஒரு துணுக்கு சிக்கியிருக்கும். ஒரு தடவை டெஃப்லான் டேப்பின் ஒரு இழை இருந்தது, தலைமுடி அளவுதான். அதற்கே 160 பார் 70 ஆகிவிட்டது. நார் மில்லில் தூசிக்குக் குறைவே இல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு அதை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். டேங்கின் மூச்சுக் குழாய் மூடி நன்றாக இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். இணைப்புகளுக்கு டேப் சுற்றாதீர்கள், செப்பு வாஷரோ ஓ-ரிங்கோ போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மிச்சமாகும் நேரம் இவ்வளவுதான்

அந்த மில்லில் ஒரு பேலுக்கு மூன்று தடவை நார் போட்டு மூன்று தடவை தள்ளுவார்கள். முதல் இரண்டு தள்ளலில் பலம் தேவையில்லை, முழுக்க ரீஜென், தலா 11.5 விநாடி. மூன்றாவதில் சுமார் 900 மி.மீ. வரை ரீஜென், மீதி 300 முழு பலத்தில். அது 14 விநாடி. மொத்தம் 37 விநாடி. முன்பு 66. ஒரு பேலுக்கு 29 விநாடி மிச்சம். திரும்பி வரும் நேரத்தில் மாற்றமில்லை, அது 10.6 விநாடிதான்.

நார் ஈரமாக இருந்தால் எதிர்ப்பு முன்னதாகவே வரும், 600 மி.மீட்டரிலேயே மாறிவிடும், மிச்சம் குறையும். அது பழுது அல்ல.

ராடு மெலிந்த சிலிண்டரில் வேகம் இன்னும் கூடுமே என்று கேட்பவர்களும் உண்டு. 125 இல் 70 ராடு என்றால் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஆகும், உண்மைதான். ஆனால் ரீஜெனில் பலம் 6.3 டன்தான், பின்பக்கம் 127 லிட்டர் போக வேண்டும், டம்ப் வால்வு திறந்ததும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு விழும், துள்ளல் பலமாக இருக்கும். அதற்கு ஒரு இஞ்ச் ஹோஸும் பெரிய வால்வும் வேண்டும். அதனால் அளவு கேட்டு போன் செய்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ராடு எத்தனை மி.மீ. என்றுதான். பிஸ்டன் பரப்பில் ராடு ஏறக்குறையப் பாதி இருந்தால் செய்து கொடுக்கிறேன். முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே வேகம் வரும், ஆபரேட்டரின் கைக்கும் அது சீக்கிரம் பழகிவிடும்.